ஐந்து வாக்கியத்தில் ஒரு ராஜினாமா

ராஜினாமா கடிதம் ஓர் அறிவிப்பு. வேலையை விடுகிறேன், இந்த நாளோடு விடுகிறேன் என்ற இரண்டு செய்திகளை எழுத்தில் பதிவு செய்வதுதான் அதன் வேலை. ஏன் விடுகிறேன் என்பதை அதில் சொல்லியாக வேண்டும் என்று பெரும்பாலான பணி நியமன ஆணைகள் கேட்பதில்லை. ஆனாலும் கடிதம் எழுத உட்காருபவர் முதலில் எழுதுவது அந்த ஏன் என்பதைத்தான். ஆண்டுக்கணக்காகச் சேர்ந்தவை ஒரே இரவில் கொட்டும்போது நான்கு பக்கம் ஆகிவிடுகிறது. அந்த நான்கு பக்கத்தை ஒரு பத்தியாக்குவது மொழியைத் திருத்தும் வேலை மட்டுமல்ல. அதில் கலந்து கிடக்கும் வெவ்வேறு கடிதங்களைப் பிரித்தெடுப்பதுதான் அதில் பெரும்பகுதி.

இதை ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்பது எளிது. சென்னைக்குத் தென்மேற்கே ஒரகடம் பகுதியில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையை வைத்துக்கொள்வோம். அங்கே தரப் பிரிவில் ஒரு பொறியாளர். 2020 ஆகஸ்ட் 3ஆம் தேதி சேர்ந்தவர். அலுமினிய வார்ப்பில் செய்த வாட்டர் பம்ப் ஹவுசிங்குகளைச் சோதிப்பது அவர் பொறுப்பு. 2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை மாலை நடந்த ரிவ்யூ மீட்டிங்கில், லைன் ஆட்கள் முன்னிலையில் மேலாளர் அவரை ஒருமையில் பேசிவிடுகிறார். அன்றிரவு அவர் லேப்டாப்பில் எழுதுவது ஆயிரம் சொற்களைத் தாண்டுகிறது. இத்தகைய கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மின்னஞ்சலாகத்தான் போகும். இங்கே தமிழில் தரப்படுகிறது.

வரைவின் தொடக்கம் இப்படி இருக்கிறது: "ஐந்து வருடம் மாடு மாதிரி உழைத்ததற்கு இன்று கிடைத்த மரியாதைக்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை கூட வந்து ஆடிட்டுக்குப் பேப்பர் தயார் செய்தவன் நான். எனக்குப் பின்னால் வந்தவருக்கு கிரேட் கொடுத்தீர்கள்."

நடுவில் குரல் உயர்கிறது: "மார்ச்சில் லீக் டெஸ்ட்டில் தோற்ற ஹவுசிங்குகளைத் திரும்பத் திரும்ப மெஷினில் ஏற்றி, பாஸ் ஆனதும் அனுப்பச் சொன்னது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த சப்ளையர் மீது கை வைக்காமல் இருப்பதற்கு என்ன வாங்குகிறீர்கள் என்பதும் தெரியும்."

கடைசிப் பக்கத்தில்: "இரண்டு டூர் பில் இன்னும் வரவில்லை. எட்டு நாள் காம்ப்-ஆஃப் போனது போனதுதான். நான் போனால் கேஜ் காலிபரேஷன் அட்டவணை எங்கே இருக்கிறது என்றுகூட இங்கே யாருக்கும் தெரியாது. மேலாளர் மன்னிப்புக் கேட்காவிட்டால் இன்றே, இந்த நிமிடமே, வேலையை விடுகிறேன்."

இந்த வரைவில் பொய் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானாலும் இது ராஜினாமா கடிதமாக உதவாது. காரணம் இதிலுள்ள சூடு அல்ல. ஒவ்வொரு வாக்கியமும் வெவ்வேறு ஆளைப் பார்த்துப் பேசுகிறது. டூர் பில்லை முடித்துத் தரவேண்டியவர் கணக்குப் பிரிவில் இருக்கிறார். லீக் டெஸ்ட் விஷயத்தைப் பார்க்க வேண்டியவர் மேலாளருக்கும் மேலே இருக்கும் தரத் தலைவர். கிரேட் பற்றிய பேச்சு அப்ரைசலோடு முடிந்துவிட்டது. வேலையை விடும் செய்தி மட்டுமே எச்.ஆர். பிரிவுக்கு உரியது. அந்தப் பிரிவில் கடிதத்தைத் திறப்பவருக்கு லீக் டெஸ்ட் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் கடைசி நாளை மட்டும் தேடி எடுத்துக் குறித்துக்கொண்டு, மீதியைப் போகிறவரின் மனக்கசப்பு என்று கோப்பில் போட்டுவிடுவார். போகிற போக்கில் சொன்ன புகாருக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பு குறைவு.

ஆகவே வரைவைக் குறைக்க உட்காருபவர் ஒவ்வொரு வாக்கியத்திடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இதைப் படித்து யார் என்ன செய்ய வேண்டும்? யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றால் அந்த வாக்கியம் போகலாம். மாடு மாதிரி உழைத்தது, கிடைத்த மரியாதை, பின்னால் வந்தவருக்குக் கிடைத்த கிரேட் எல்லாம் இந்தக் கேள்வியில் விழுந்துவிடுகின்றன. முதல் பக்கம் ஏறக்குறைய முழுவதுமாகக் காலி. எழுதியவருக்கு இது கசக்கும். மேலாளருக்கு உறைக்கட்டும் என்று எழுதிய வரிகள் அவை. ஆனால் மேலாளர் இரண்டு ஆண்டில் வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாம். கடிதம் கோப்பில் இருக்கும். அடுத்த வேலையின்போது பின்னணி சரிபார்க்கும் நிறுவனம் தொடர்பு கொண்டால், அந்தக் கோப்பைப் புரட்டிப் பதில் சொல்பவர் நடந்தது எதையும் பார்த்திராத புது ஆளாக இருப்பார்.

யாராவது ஏதாவது செய்ய வேண்டிய வாக்கியங்கள் என்றால், அவை உரிய இடத்துக்குப் போக வேண்டும். டூர் பில்லும் காம்ப்-ஆஃபும் சுலபம். நாள், தொகை, பில் எண், யார் ஒப்புதல் தந்தது என்று நான்கு வரியில் ஒரு பட்டியலாகக் கணக்குப் பிரிவுக்குத் தனி மின்னஞ்சல். கோபத்தில் எழுதியபோது "போனது போனதுதான்" என்று கைவிட்ட எட்டு நாள், பட்டியலில் ஏறியதும் கேட்டு வாங்கும் உரிமையாகிறது. அதற்குப் பணம் உண்டா இல்லையா என்பதைக் கம்பெனியின் விடுப்பு விதி சொல்லும்.

லீக் டெஸ்ட் பகுதிதான் வரைவிலேயே கனமானது. வார்ப்பின்போது உலோகத்துக்குள் காற்றோ வாயுவோ சிக்கினால் நுண்துளைகள் உண்டாகும். ஹவுசிங்கை அடைத்துக் காற்றழுத்தம் ஏற்றி, குறிப்பிட்ட நொடிகளில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று மெஷின் அளக்கும். வரம்பைத் தாண்டினால் அந்தப் பொருள் கழிவு. வரம்பை ஒட்டி நிற்கும் பொருளைத் திரும்பத் திரும்ப ஏற்றினால், வெப்பநிலை மாற்றத்தாலும் சீல் உட்காரும் விதத்தாலும் ஒருமுறை பாஸ் காட்டிவிடக்கூடும். அப்படிக் கிடைத்த பாஸ் நம்பத்தக்கதல்ல. இது உண்மையில் நடந்திருந்தால் ராஜினாமாவைவிடப் பெரிய விஷயம். அதனாலேயே அது ராஜினாமா கடிதத்துக்குள் இருக்கக் கூடாது.

தனியாக எழுதும்போது அதன் உருவம் மாறிவிடுகிறது. "எல்லோருக்கும் தெரியும்" என்பதற்குப் பதிலாக லாட் எண், சீரியல் எண்கள், ஒவ்வொன்றும் எத்தனை முறை சோதிக்கப்பட்டது, எந்தத் தேதி, எந்த ஷிப்ட், மெஷினின் பதிவில் என்ன அளவு காட்டியது என்று வருகிறது. விலகலுக்குக் கொஞ்சம் முன்னதாகவே இது தரத் தலைவருக்குப் போய்விட்டால், வேலையை விடுபவரின் வன்மம் என்று ஒதுக்க வழியில்லை. அந்த லாட்டுகளைத் தேடிப் பிடிக்கவும் நேரம் இருக்கும்.

"என்ன வாங்குகிறீர்கள்" என்ற வரி வேறு வகை. கையில் சான்று இல்லாமல் ஒருவர் லஞ்சம் வாங்குகிறார் என்று எழுதி, அதைப் பத்துப் பேருக்கு நகல் போட்டால் அவதூறு வழக்குக்கு இடம் உண்டு. பாரதிய நியாய சம்ஹிதையின் 356ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. விசாரிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் குற்றச்சாட்டுக்கு அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. சான்று இருந்தால் கம்பெனியின் ஊழல் புகார்க் குழுவுக்கு எழுதலாம். இல்லையென்றால் அந்த வரியை அழித்துவிடுவதே சரி.

கேஜ் காலிபரேஷன் பற்றிய வாக்கியம் மிரட்டலாக எழுதப்பட்டது. ஆனால் அதற்குள் ஒரு பயனுள்ள உண்மை இருக்கிறது: அந்த அட்டவணையை இவர் ஒருவரே பார்த்துவந்தார். ஆடிட் வரும்போது காலிபரேஷன் தேதி தாண்டிய ஒரு கேஜ் மாட்டினால் கம்பெனிக்குச் சங்கடம். எனவே இந்த வாக்கியம் கடிதத்திலேயே தங்குகிறது, ஒப்படைப்பு பற்றிய உறுதிமொழியாக. நான்கு பக்கத்திலிருந்து கடைசிக் கடிதம் வரை உயிரோடு வந்து சேரும் மிகச் சில வரிகளில் இது ஒன்று.

மிச்சமிருப்பது கடைசி வாக்கியம். "மன்னிப்புக் கேட்காவிட்டால்" என்று தொடங்குவதால் அது ராஜினாமாவா, எச்சரிக்கையா என்பதே தெளிவில்லை. இந்தத் தெளிவின்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. அலகாபாத்தில் ஒரு மருத்துவமனையில் பணியாற்றிய மயக்க மருந்து மருத்துவர் ஒருவர், தம்மைப் பணியிடை நீக்கம் செய்த ஆணைக்கு 1999இல் பதில் எழுதினார். ஆணையைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையென்றால் உடனே விலகுவதைத் தவிர வழியில்லை என்ற பொருளில் அந்தக் கடிதம் இருந்தது. நிர்வாகம் அதையே ராஜினாமாவாக எடுத்துக்கொண்டு ஏற்றுக்கொண்டுவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிபந்தனையோடு, மனக்கொதிப்பில் எழுதிய அந்தக் கடிதம் ராஜினாமா ஆகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு மருத்துவர் பக்கம்தான். ஆனால் ஒரு வாக்கியத்துக்குப் பொருள் காண ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. விலக நினைப்பவர் விலகுகிறேன் என்று நிபந்தனையில்லாமல் எழுத வேண்டும். மன்னிப்பு வேண்டும் என்பவர் அதைக் கேட்டு வேறு கடிதம் எழுத வேண்டும்.

"இந்த நிமிடமே" என்ற சொல்லுக்கு விலை உண்டு. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இந்தப் பொறியாளரின் நியமன ஆணையில் நோட்டீஸ் காலம் 60 நாள் என்றும், குறையும் நாளுக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் பிடிக்கப்படும் என்றும் இருப்பதாகக் கொள்வோம். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 31,200 ரூபாய். யாரையும் வேலை செய்தே ஆகவேண்டும் என்று நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் ஆணையில் உள்ளபடி பணத்தைப் பிடிக்கலாம். அன்றே கிளம்பினால் இரண்டு மாதத்துக்கு 62,400 ரூபாய் கைநழுவும்.

அடுத்தது பணிக்கொடை. ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி முடிந்தவருக்குச் சட்டப்படி உரியது அது. கடைசி ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 31,200 ரூபாய்க்கு ஓர் ஆண்டுக்கு 18,000. ஐந்து ஆண்டுக்கு 90,000 ரூபாய். ஜூன் 6 அன்று இவருக்கு நான்கு ஆண்டு பத்து மாதம்தான் ஆகிறது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடிந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் எல்லா நிறுவனமும் அதைக் கேட்டுக்கொண்டு காசோலை எழுதுவதில்லை; வாதாட வேண்டிவரும். திங்கள்கிழமை ஜூன் 9 அன்று நோட்டீஸ் கொடுத்தால் அந்த நாளையும் சேர்த்து அறுபதாவது நாள் ஆகஸ்ட் 7. ஐந்து ஆண்டு நிறைவது ஆகஸ்ட் 2. வாதத்துக்கே இடமில்லாமல் போகிறது. வெள்ளி இரவுக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் மாறியது தேதி மட்டும்தான். கடிதத்தில் மிக முக்கியமான சொல்லும் அதுவே.

இவ்வளவு கழித்த பிறகும் இரண்டாம் வரைவு பெரும்பாலும் சரியாக அமைவதில்லை. பெரிய கோபம் போய்விட்டாலும் அதன் துணுக்குகள் மரியாதைச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். "தங்களுக்கே தெரிந்த காரணங்களால்", "மிகுந்த மனவேதனையுடன்", "தவிர்க்க முடியாத சூழ்நிலையால்" என்று வரும். "இதுவரை கிடைத்த 'ஆதரவுக்கு' நன்றி" என்று மேற்கோள் குறி போட்டே குத்தலாம். நேரடியாகத் திட்டிய வரியைவிட இவை மோசம். திட்டினால் என்ன நடந்தது என்றாவது தெரியும். இவை ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. எதிர்த்திசையில் இன்னொரு பிழை நேர்வதும் உண்டு. கோபத்தை மறைக்கும் அவசரத்தில் "வாழ்நாளில் மறக்க முடியாத வழிகாட்டுதல்" என்று எழுதுவார்கள். அன்று மாலை மீட்டிங்கில் இருந்த எவரும் அதைக் கேலி என்றுதான் படிப்பார்கள். நன்றி சொல்வதென்றால் உண்மையாக நடந்த ஒன்றுக்குச் சொன்னால் போதும். இந்தப் பொறியாளருக்கு அப்படி ஒன்று இருக்கிறது: லீக் டெஸ்ட் பிரிவை முதலிலிருந்து அமைத்தவர் அவர்தான். அந்த வேலையைத் தந்தவர்கள் இதே நிர்வாகத்தார்.

கடைசியில் நிற்கும் கடிதம் இது:

பெறுநர்: மேலாளர், தரப் பிரிவு
நகல்: மனிதவளப் பிரிவு
நாள்: 9 ஜூன் 2025
பொருள்: பணி விலகல் அறிவிப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

தரப் பொறியாளர் பணியிலிருந்து விலகுகிறேன் என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். நியமன ஆணையின்படி 60 நாள் அறிவிப்புக் காலம் இன்று தொடங்குகிறது; எனது கடைசி வேலை நாள் 7 ஆகஸ்ட் 2025. கேஜ் காலிபரேஷன் அட்டவணையையும் சப்ளையர் கோப்புகளையும் தாங்கள் குறிப்பிடும் பொறியாளரிடம் ஜூலை இறுதிக்குள் ஒப்படைத்துவிடுகிறேன். லீக் டெஸ்ட் பிரிவை அமைக்கும் பொறுப்பை எனக்கு அளித்தமைக்கு நன்றி. விலகலை ஏற்றதை எழுத்தில் தெரிவிக்குமாறும், கடைசி நாளில் பணி விடுவிப்புக் கடிதமும் பணிச் சான்றும் வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயர், பணியாளர் எண்

ஐந்து வாக்கியம். பெயருக்குக் கீழே பணியாளர் எண் இருப்பதால் எச்.ஆர். தேட வேண்டியதில்லை. ஐந்தாவது வாக்கியத்தைச் சிலர் அவசியமற்றதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது விடக் கூடாத வாக்கியம். பதில் வரும்போது அதிலுள்ள கடைசி நாள் தாம் எழுதிய நாள்தானா என்று பார்த்துக்கொள்ள அதுவே வழி. அறிவிப்பு நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ணும் நிறுவனங்களும் உண்டு. அங்கே ஆகஸ்ட் 8 என்று பதில் வரும். அது ஒரு நாள் வித்தியாசம்தான். ஆனால் ஜூலை 31 என்று பதில் வந்தால் கதை வேறு. அது ஐந்து ஆண்டுக்கு முந்தைய நாள். அதை அன்றே எழுத்தில் சுட்டிக்காட்ட வேண்டும். கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோ வாயால் சொல்லிவிட்டு வருவதோ போதாது. அலுவலக மின்னஞ்சலிலிருந்து அனுப்பி, தம் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போட்டுக்கொள்வது நல்லது. கடைசி நாளுக்குப் பிறகு அலுவலக மின்னஞ்சல் திறக்காது. அதே காரணத்துக்காக முதல் நாள் இரவின் நான்கு பக்க வரைவை அலுவலக மின்னஞ்சலின் Drafts பகுதியில் விட்டுவைக்கக் கூடாது. அந்தப் பெட்டி கம்பெனியுடையது.

நோட்டீஸ் காலத்தில் எதற்காகப் போகிறீர்கள் என்று எச்.ஆர். நேரில் கேட்பது வழக்கம். மீட்டிங்கில் நடந்ததைச் சொல்ல அதுதான் இடம். அங்கே சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவரவர் விருப்பம். கடைசி நாளுக்குப் பிறகு வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பணி முடிந்த தேதி ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிறுவனம் ஏற்றாமல் விட்டால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தாமே இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பணிக்கொடை, உரியதான நாளிலிருந்து 30 நாளுக்குள் வந்தாக வேண்டும்.

இந்தச் சுருக்கல் தம் விருப்பத்தில் போகிறவருக்குத்தான். சில மாதமாகச் சம்பளமே வராததால் ஒருவர் போகிறார் என்றால், "இந்த மாதத்திலிருந்து ஊதியம் வழங்கப்படாததால் விலகுகிறேன்" என்ற ஒரு வரி கடிதத்தில் இருக்கத்தான் வேண்டும். "சொந்தக் காரணங்கள்" என்று எழுதினால் பின்னால் அதுவே அவருக்கு எதிரான சான்றாகும். பாலியல் தொல்லையால் போகிறவர் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். வேலையை விட்டுவிட்டதால் அந்த உரிமை போய்விடாது. எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, தட்டச்சு செய்து வைத்த ராஜினாமாவை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், எவ்வளவு மரியாதையாக எழுதப்பட்டிருந்தாலும் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. அது ஆள்குறைப்பு, அதற்குரிய ஆணையை நிறுவனம்தான் எழுதித் தர வேண்டும்.